ரொட்டியும் கேக்கும் உறைகுளிரில்

வாங்கிய ரொட்டி இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிவிட்டால், "ரொட்டி காய்ந்துவிட்டது" என்று சொல்வது நம்மவர் வழக்கம். சொல் எளியது, ஆனால் அது காட்டும் காரணம் பெரும்பாலும் பிழையானது. நெகிழித்தாளில் நன்றாகப் பொதிந்து வைத்த ரொட்டியிலிருந்து நீர் ஏதும் வெளியேறுவதில்லை. எடை போட்டுப் பார்த்தால் முதல் நாள் இருந்த எடையே மூன்றாம் நாளும் இருக்கும். எனினும் ரொட்டி கெட்டியாகிறது, உதிர்கிறது, மணம் குன்றுகிறது. நீர் போகாமலே காய்ந்தது போன்ற நிலை வருவது எவ்வாறு என்பதை அறிந்தால்தான், ரொட்டியையும் கேக்கையும் பிஸ்கட் மாவையும் உறையவைத்துக் காக்கும் முறை விளங்கும்.

பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகரை அடுத்துள்ள கமுந்திங்கில் இந்த அறிவுக்குத் தனிப்பயன் உண்டு. தோட்டங்கள் நிறைந்திருந்த நாளில் ரொட்டிக்காரர் வண்டியில் கொண்டுவந்த ரொட்டி அன்றைக்கே தின்று முடிக்கப்பட்டது. சேமிப்பு என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை. இன்று வீடுதோறும் குளிர்ப்பெட்டி இருக்கிறது. தீபாவளிக்கு முன் பிஸ்கட், கேக் முதலியவற்றைச் சிறிது சிறிதாகச் செய்து வைத்துக்கொள்ளப் பலரும் விரும்புகின்றனர். ஆனால் தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர்த் திங்கள்கள் அங்கு மழைமிகுந்த காலம். தைப்பிங் வட்டாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பெறுவது; தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. குளிர்நாட்டுச் சமையல் நூல்கள் கூறும் முறையை அந்த ஈரக்காற்றில் அப்படியே பின்பற்றினால், உறையவைத்தபோது கெடாத பண்டம் வெளியே எடுத்தபின் கெடும்.

ரொட்டி விறைப்பது ஏன்?

1852-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் பூசிங்கோ என்பவர் இக்கேள்வியை ஆராய்ந்தார். நீர் வெளியேற இயலாதபடி மூடிவைத்த ரொட்டியும் பழசாவதை அவர் கண்டார். அவ்வாறு பழசான ரொட்டியை மீண்டும் சூடாக்கியபோது அது மென்மை பெற்றது. சூடாக்குகையில் ரொட்டி மேலும் சிறிது நீரை இழக்கிறதேயன்றிப் பெறுவதில்லை. நீரை இழந்தும் மென்மையாகிறது என்றால், விறைப்பதற்குக் காரணம் நீர்க்குறைவு அன்று என்பது தெளிவு.

காரணம் மாவிலுள்ள மாப்பொருள். கோதுமை மாவின் மாப்பொருள் நுண்ணிய மணிகளாக இருக்கிறது. அம்மணிகளுள் மாப்பொருளின் நீண்ட இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. நீரோடு சேர்ந்து வேகும்போது மணிகள் நீரை உண்டு பருத்து, அடுக்கு குலைந்து, கஞ்சிபோல் நெகிழ்கின்றன. ரொட்டியின் மென்மை இந்த நெகிழ்ச்சியே. ஆறியபின் இழைகள் மெல்ல மெல்ல மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. தம்மிடையே இருந்த நீரை விலக்குகின்றன. நீர் ரொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மென்மை தரும் இடத்தில் இல்லை. மீண்டும் 60 பாகைக்கு மேல் சூடேற்றினால் அடுக்கு பெரும்பகுதி கலைகிறது, மென்மை திரும்புகிறது.

இதைத் தமிழர் வீட்டில் நாள்தோறும் காணலாம். இரவு மிஞ்சிய சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் காலையில் பருக்கை பருக்கையாக விறைத்திருக்கும். அதையே ஆவியில் வைத்தால் குழைவு மீளும். சோறு காய்ந்தது என்று எவரும் சொல்வதில்லை. விறைத்தது என்றே சொல்வர். ரொட்டிக்கும் அதுவே சரியான சொல்.

சோறு மேசைமேல் இருந்ததைவிடக் குளிர்ப்பெட்டியில் விரைந்து விறைப்பதையும் கவனித்திருக்கலாம். அதுவே இப்பொருளின் மையம். இழைகள் அடுக்கிக்கொள்ளும் வேகம் குளிரக் குளிரக் கூடுகிறது. சாதாரணக் குளிர்ப்பெட்டியின் 4 பாகை அளவில் அது மிக விரைவாக நடக்கிறது. ஆனால் ரொட்டியிலுள்ள நீர் உறைந்து, குளிர் சுழிக்குக் கீழ் 18 பாகையை எட்டிவிட்டால், இழைகள் அசைவதற்கே இடமின்றி அடுக்கும் செயல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே வெப்பமும் தீங்கன்று, கடுங்குளிரும் தீங்கன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட குளிரே தீங்கு. அதை இடைக்குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். பூசணம் பூக்காதிருக்க ரொட்டியைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வைப்பவர், பூசணத்தைத் தடுத்து விறைப்பை விலைக்கு வாங்குகின்றனர்.

உறையவைக்கும் எப்பண்டமும் இந்த இடைக்குளிரை இருமுறை கடந்தாக வேண்டும்: உள்ளே செல்லும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. கடக்கும் நேரம் நீளுமளவு விறைப்பு கூடும். விரைந்து உறையவைக்க வேண்டும், இடைக்குளிரில் தங்கவிடாமல் உருக்க வேண்டும் என்பதே முறை முழுவதன் சுருக்கம்.

பெட்டியின் அளவு

உறையவைக்கும் பெட்டிகள் யாவும் ஒன்றல்ல. பல பெட்டிகளில் நட்சத்திரக் குறி பொறித்திருக்கும். ஒரு நட்சத்திரம் சுழிக்குக் கீழ் 6 பாகையையும், இரண்டு 12 பாகையையும், மூன்று 18 பாகையையும் குறிக்கும். ரொட்டியின் நீரில் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் அது சுழியிலேயே உறைவதில்லை. சில பாகை கீழே சென்ற பிறகே உறையத் தொடங்குகிறது. ஆதலின் ஒரு நட்சத்திரப் பெட்டியில் வைத்த ரொட்டி அரைகுறையாக உறைந்து, இடைக்குளிரின் ஓரத்திலேயே நிற்கும். பழைய குளிர்ப்பெட்டிகளின் உட்புறத்தில் காணப்படும் சிறிய பனிக்கட்டி அறை பெரும்பாலும் இத்தகையது. அதில் ஓரிரு நாள் வைக்கலாம்; வாரக்கணக்கில் வைத்தல் ஆகாது. குறி இல்லாத பெட்டியில் ஒரு சிறிய வெப்பமானியை ஓரிரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கமுந்திங் காற்றின் கணக்கு

விறைப்பு ஒரு பகை. மற்றொரு பகை பனித்துளி. குளிர்ந்த சோடாப் புட்டியை மேசைமேல் வைத்தால் அது வியர்ப்பதை யாவரும் அறிவர். புட்டிக்குள்ளிருந்து வரும் நீர் அன்று அது. காற்றிலுள்ள ஆவி குளிர்ந்த பரப்பில் நீராகப் படிவது. காற்று 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உடையதாயின், 26 பாகைக்குக் கீழுள்ள எப்பொருளின்மீதும் நீர் படியும். மழைக்காலத்துக் கமுந்திங்கில் இந்நிலை மிகச் சாதாரணம். சுழிக்குக் கீழ் 18 பாகையிலிருந்து வெளியே வரும் கேக், அறையின் வெப்பத்தைப் பெரும்பாலும் எட்டும்வரை வியர்த்துக்கொண்டே இருக்கும் என்பது இக்கணக்கின் பொருள். குளிர்நாட்டில் வறண்ட அறையில் விரைந்து முடியும் இச்செயல், இங்கே இரண்டு மணி நேரம் நீளும்.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றே: உறையைப் பிரிக்காமல் உருக்க வேண்டும். பொதிந்த தாளோடு மேசைமேல் வைத்தால் பனித்துளி தாளின் வெளிப்புறத்தில் படியும், பண்டத்தில் படியாது. உட்புறத்தில் காணப்படும் மெல்லிய பனி பண்டத்தின் சொந்த நீர். உருகும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் பண்டத்துக்குள் ஊறிவிடும். தாளின் வெளிப்புறம் முற்றும் உலர்ந்தபின், கையால் தொட்டால் குளிர்ச்சி தோன்றாதபோது, பிரித்தல் வேண்டும். இவ்விதிக்கு விலக்கு ஒன்றே உண்டு: உறைந்த பண்டம் நேரே அடுப்பின் சூட்டுக்குள் செல்வது. அங்கே படியும் துளி படிந்தவுடன் ஆவியாகிவிடும்.

முழு ரொட்டி

மூன்று பண்டங்களில் ரொட்டியே விறைப்புக்கு மிகவும் எளிதில் ஆட்படுவது. அதில் மாப்பொருள் மிகுதி. அதைத் தடுக்கும் சர்க்கரையும் கொழுப்பும் குறைவு. ஆகவே ரொட்டியைச் சுட்ட அன்றே, அல்லது வாங்கிய அன்றே உறையவைக்க வேண்டும். மூன்று நாள் தின்று பார்த்து மிஞ்சியதை உறையவைப்பவர் விறைப்பையே உறையவைக்கின்றனர். உறைகுளிர் ரொட்டியை அது இருந்த நிலையில் நிறுத்தி வைக்குமேயன்றிப் புதிதாக்காது.

சுட்ட ரொட்டியைக் கம்பித்தட்டின்மேல் வைத்து நடுப்பகுதியும் ஆறும்வரை விட வேண்டும். 400 கிராம் ரொட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மேற்புறம் ஆறியதும் உள்ளும் ஆறியதென்று எண்ணி மூடினால், உள்ளிருந்து எழும் ஆவி தாளுக்குள் நீராகி, பிறகு பனிக்கட்டியாகி, உருகும்போது அடிப்புறத்தைக் களியாக்கும். ஆறியபின் துண்டுகளாக நறுக்குதல் நலம். முழு ரொட்டியின் நடுப்பகுதி வீட்டுப் பெட்டியில் உறையச் சில மணி நேரம் ஆகும். துண்டுகள் பரப்பி வைத்தால் விரைவில் உறையும். இரண்டு இரண்டாகத் தாளிட்டு, காற்றை வெளியேற்றிப் பையிலிட்டு, உலோகத் தட்டில் ஒற்றை அடுக்காக வைத்து, கெட்டியான பிறகு அடுக்கிக்கொள்ளலாம். உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் அதன்மேல் வைத்தவை விரைந்து உறைகின்றன.

துண்டுகளை எடுத்தவுடன் உருக்காமலே வாட்டலாம். அவை இடைக்குளிரைச் சில நொடிகளில் கடந்து, மாப்பொருளின் அடுக்கைக் கலைக்கும் வெப்பத்தை எட்டிவிடுகின்றன. வாட்டிய ரொட்டிக்கு இதனினும் சிறந்த முறை இல்லை. வாட்டாமல் மென்மையாக வேண்டுமாயின், இட்லிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டினால் போதும். தட்டின்மேல் துணி விரித்தால் நீர் சொட்டாது. மேலோடு மொறுமொறுப்பாக உள்ள முழு ரொட்டியாயின், உறை பிரித்து, மேலே சிறிது நீர் தெளித்து, 170 பாகைச் சூட்டில் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் வைக்கலாம். மெல்லிய மேலோடுடைய சாதாரண ரொட்டிக்கு இது பொருந்தாது, மேலோடு தடித்துவிடும். அதை உறையோடு மேசைமேல் இரண்டரை அல்லது மூன்று மணி நேரம் வைத்து உருக்குவதே தக்கது.

செய்யத்தகாதது, உறைந்த ரொட்டியைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் இரவு முழுதும் உருகவிடுவது. இறைச்சிக்கு அது நல்ல முறை. ரொட்டிக்கு அதுவே தீய முறை. பத்து மணி நேரம் இடைக்குளிரிலேயே இருந்த ரொட்டி, உறையவைத்த பயனை எல்லாம் இழந்துவிடும். சூடேற்றிப் புதுப்பித்த ரொட்டியும் நெடுநேரம் நில்லாது. சில மணி நேரத்தில் மீண்டும் விறைக்கும். முன்னினும் விரைந்து விறைக்கும். ஆகையால் வேண்டிய அளவே எடுத்தல் வேண்டும்.

கேக் அடுக்கு

கேக்கிலும் வெந்த மாப்பொருள் உண்டு. ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் முட்டையும் மிகுதி. சர்க்கரை நீரைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு இழைகளுக்கிடையே புகுந்து அவை நெருங்குவதைத் தாமதிக்கிறது. ஆதலின் கேக் ரொட்டியைப்போல் விரைந்து விறைப்பதில்லை. சர்க்கரை மிகுந்திருப்பதால் கேக்கின் நீர் முழுதும் கல்லாக உறைவதுமில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த கேக்கைக் கத்தியால் ஓரளவு அறுக்க முடிவது இதனாலேயே.

இங்கே கெடுதல் வேறு வழியில் வருகிறது. கேக்கின் மேற்பரப்பு சர்க்கரை நிறைந்தது. பனித்துளி பட்டவுடன் அச்சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும். தாளை எடுக்கும்போது மேல்தோல் தாளோடு உரிந்து வரும். வெளியே எடுத்தவுடன் பிரித்து, குளிர்ந்த கேக்கின்மேல் ஐசிங் பூசினால், துளி ஐசிங்கின் அடியிலும் மேலும் படியும், நிறம் வழியும், சர்க்கரைத் தகடு வியர்த்து வழுக்கும். இன்னொரு குறையும் உண்டு. உறைந்த கேக்கின் துளைகளில் உள்ள காற்று, வெப்பம் ஏறும்போது விரியும். சுற்றிலும் ஐசிங் அடைத்திருப்பின் அது போக வழியின்றி ஓரிடத்தில் கொப்புளம்போல் புடைக்கும். மாலையில் அழகாக இருந்த கேக் மறுநாள் காலையில் பக்கம் புடைத்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே கேக்கை ஐசிங் பூசாத தனித்தனி அடுக்காக உறையவைத்தலே சிறப்பு. 20 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் கனமும் உள்ள அடுக்கு நன்கு ஆற ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆறியபின் அட்டைமேல் வைத்து, மூடாமலே உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மேல் கெட்டியானதும் வெளியே எடுத்து, எண்ணெய்த்தாள் ஒன்றை மேலே இட்டு, நெகிழித்தாளால் இருமுறை இறுகச் சுற்றி, அதன்மேல் அலுமினியத்தாள் சுற்றிப் பையிலிட வேண்டும். முதலில் கெட்டியாக்குவதால் தாள் ஒட்டாது. இறுகச் சுற்றுவதால் காற்றிடம் இராது. காற்றிடம் இருந்தால் கேக்கின் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகி அவ்விடத்தில் வெண்பனியாகப் படியும். கேக்கின் ஓரம் வறண்டு போகும். கேக்கிலுள்ள வெண்ணெய் அயல்மணத்தை விரைந்து ஏற்பது. மீன், வெங்காயம் வைத்த பெட்டியாயின் இரட்டை உறை இன்றியமையாதது.

உருக்கும்போது உறையோடு மேசைமேல் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். வெண்ணெய்க் கேக்கைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தின்று, "வறண்டுவிட்டது" என்று கூறுவோர் உளர். வெண்ணெய் குளிரில் இறுகியிருப்பதே அவ்வுணர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம். அறை வெப்பம் பெற்றதும் அது மாறும். எண்ணெய் சேர்த்துச் செய்யும் பாண்டான் சிஃபோன் போன்ற கேக்குகளில் எண்ணெய் குளிரிலும் இறுகுவதில்லை; ஆதலின் அவை குளிரிலும் மென்மையாகவே தோன்றும்.

எல்லாக் கேக்கும் உறைகுளிருக்கு ஏற்றவை அல்ல. சோளமாவு இட்டுக் காய்ச்சிய கஸ்டர்டு நிரப்பியவை உருகும்போது நீர் கக்கும். சோளமாவின் மாப்பொருள் இழைகள் நெருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுவதே காரணம். ரொட்டி விறைக்கும் அதே செயல்தான் இங்கும். ரொட்டியில் மறைந்து நிற்கும் நீர் இங்கே கண்முன் வடிகிறது. புதுப்பழம் வைத்தவையும் அவ்வாறே கசியும். பாலேடு நிரப்பிய கேக்கை மேசைமேல் உருக்குதல் கூடாது. 30 பாகை வெப்பத்தில் அதில் கிருமி பெருகும். அதற்குக் குளிர்ப்பெட்டியே இடம். மென்மையிற் சிறிது குறைந்தாலும் உடல்நலமே முன்னிற்க வேண்டும்.

பிஸ்கட் மாவு

பிஸ்கட் மாவு மற்ற இரண்டிலிருந்தும் அடிப்படையில் வேறானது. அதில் மாப்பொருள் இன்னும் வேகவில்லை. குலையாத அடுக்கு மீண்டும் அடுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே விறைப்பு என்னும் குறையே அதற்கு இல்லை. குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் வைப்பினும் மாவு கெடாமைக்கு இதுவே காரணம். தீபாவளிக்கு முன்னதாகச் செய்து வைக்கத் தக்கது எது என்று கேட்டால், சுட்ட பிஸ்கட்டைவிடச் சுடாத மாவே என்று விடை கூறலாம்.

எனினும் அதற்கும் பனித்துளி பகையே. மாவை ஒரே உருண்டையாக உறையவைத்து, பிறகு உருக்கி உருட்டுவோர், வெளிப்புறம் இளகியும் உட்புறம் கல்லாகவும் இருக்கும் கட்டியோடு போராடுவர். பிரித்து வைத்தால் வெளிப்புறம் வியர்த்து ஒட்டும். ஒட்டாதிருக்க மாவு தூவினால் பிஸ்கட் கடினமாகும். ஆகவே முதலிலேயே உருட்டி, அல்லது அச்சால் வெட்டி, அல்லது பிழிந்து வடிவாக்கி, தட்டில் இடைவெளிவிட்டு வைத்து, இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையிலிட்டு மூட வேண்டும். முதலில் தனித்தனியே உறைந்தவை பையில் ஒன்றோடொன்று ஒட்டா. சுடும் நாளில் அவற்றை உருக்கவே வேண்டியதில்லை; தட்டில் அடுக்கி நேரே சூட்டில் வைக்கலாம். வழக்கமான நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும்.

உறைந்த மாவைச் சுடும்போது ஒரு மாற்றம் தெரியும்: பிஸ்கட் குறைவாகப் பரவும். உள்ளிருக்கும் வெண்ணெய் உருகுமுன் ஓரம் வெந்து நின்றுவிடுவதே காரணம். வெண்ணெய் பிஸ்கட்டின் பூவடிவம் குலையாமல் நிற்க இது நல்லது. பரந்து மெலிந்த பிஸ்கட் வேண்டுவோர், தட்டில் பத்து நிமிடம் விட்டுச் சுட வேண்டும். சோடா உப்பு நீர்பட்டவுடன் வேலை செய்யத் தொடங்குவது. ஆகவே சோடா உப்பு சேர்த்த மாவைப் பிசைந்தவுடன் காலம் தாழ்த்தாமல் உறையவைக்க வேண்டும். அன்னாசிப் பாகு வைத்த பிஸ்கட்டாயின் பாகு கெட்டியாகக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். தளர்ந்த பாகின் நீர் அடிமாவை நனைத்துவிடும். முட்டை சேர்த்த பச்சை மாவைச் சுவைத்துப் பார்த்தல் தகாது. உறைகுளிர் கிருமியை உறங்கவைக்குமேயன்றி அழிக்காது.

ஒரு வீட்டின் கணக்கு

இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க, கமுந்திங்கில் ஒரு வீட்டில் தீபாவளிக்குப் பதினான்கு நாள் முன்பே வேலை தொடங்குவதாகக் கொள்ளலாம். முதல் சனிக்கிழமை மாலை வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், மாவு 350 கிராம், சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசைந்தால் 725 கிராம் மாவு கிடைக்கும். 12 கிராம் வீதம் உருட்டினால் 60 உருண்டைகள். இவற்றை இரண்டு தட்டில் உறையவைத்து, முப்பது முப்பதாக இரு பைகளில் இட்டு, நாள் எழுதி வைக்கலாம்.

அடுத்த வாரம் இரண்டு கேக் அடுக்குகளைச் சுட்டு, மேற்கூறியவாறு தனித்தனியே சுற்றி வைக்கலாம். தீபாவளிக்கு நான்கு நாள் முன் 400 கிராம் ரொட்டி வாங்கி, அன்றே நறுக்கி உறையவைக்கலாம். விருந்தினர் தங்கும் வீட்டில் காலை உணவுக்கு அது உதவும்.

தீபாவளிக்கு முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கேக் அடுக்குகளை உறையோடு மேசைமேல் வைத்தால், நான்கு மணிக்கு மேல் தாளின் வெளிப்புறம் உலர்ந்திருக்கும். அப்போது பிரித்து ஐசிங் பூசலாம். மாலை ஆறு மணிக்கு முதல் பையின் முப்பது உருண்டைகளை நேரே 165 பாகைச் சூட்டில் வைத்தால், ஏறத்தாழ 18 முதல் 20 நிமிடத்தில் ஓரம் இளம்பொன் நிறம் பெறும். சுட்டவை முற்றும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் இட வேண்டும். மழைக்காற்றில் ஓரிரவு திறந்து கிடந்த பிஸ்கட் நமுத்துப்போகும். இரண்டாவது பையைத் தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து வரும் விருந்தினருக்குப் புதிதாகச் சுடலாம். தீபாவளிக் காலையில் ரொட்டித் துண்டுகள் பெட்டியிலிருந்து நேரே வாட்டும் கருவிக்குச் செல்லும்.

இக்கணக்கில் ஒன்று தெளிவாகும். பிஸ்கட் மாவு உருக்கப்படவே இல்லை. ரொட்டித் துண்டும் உருக்கப்படவில்லை. கேக் மட்டுமே உருக்கப்பட்டது, அதுவும் உறைக்குள். எதுவும் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் தங்கவில்லை.

பிழையை அறிவது எப்படி?

பண்டம் கெட்டிருந்தால் எங்கே பிழை நேர்ந்தது என்பதை அதுவே சொல்லும். பைக்குள் பனி மிகுதியாகப் படிந்திருந்தால், ஆறாமல் மூடப்பட்டது, அல்லது காற்றிடம் விடப்பட்டது, அல்லது பெட்டி அடிக்கடி வெப்பமேறி மீண்டது என்று அறியலாம். ஓரத்தில் வெளிறிய வறண்ட திட்டு காணப்பட்டால் தாளில் துளை இருந்தது என்று பொருள். அத்திட்டைச் சூட்டினால் மீட்க முடியாது, ஏனெனில் அங்கே நீர் உண்மையிலேயே போய்விட்டது. ரொட்டி விறைத்திருந்து, சூடேற்றியவுடன் மென்மையானால், அது இடைக்குளிரில் நெடுநேரம் தங்கியது. கேக்கின் மேல் மட்டும் பிசுபிசுத்து உள்ளே நன்றாக இருந்தால், உறை முன்னதாகப் பிரிக்கப்பட்டது. அடி மட்டும் களியாயிருந்தால், சூட்டோடு மூடப்பட்டது.

பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துவோர் இதனை மாணவர்முன் செய்து காட்டலாம். ஒரே ரொட்டியின் மூன்று துண்டுகளை எடை போட்டு, மூன்று பைகளில் காற்றின்றி அடைத்து, ஒன்றை மேசைமேலும், ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், ஒன்றை உறைபெட்டியிலும் வைக்க வேண்டும். மறுநாள் உறைபெட்டியிலிருந்ததை உறையோடு உருக்கி, மூன்றையும் மீண்டும் எடை போட்டு, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எடை மூன்றிலும் ஏறக்குறைய மாறாதிருக்கும். மென்மையோ மூன்றிலும் வேறாக இருக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்ததே மிகவும் விறைத்திருக்கும். பிறகு அத்துண்டை மட்டும் ஆவியில் காட்டினால், 1852-இல் பூசிங்கோ கண்டதை மாணவரும் தம் விரலால் காண்பர்.